"சுருக்கிக் குடு"ன்னு மட்டும் கேட்டா ஏன் உருப்படியா வரமாட்டேங்குது? 46 பக்க கான்ட்ராக்ட் ஒண்ண வெச்சு கேக்கறேன்

வெள்ளாம்பல்:
எங்க ஆபீஸ்ல ஒரு சாஃப்ட்வேர் சர்வீஸ் கான்ட்ராக்ட் இருக்கு. 46 பக்கம், மூணு வருஷத்துக்குப் போட்டது, வர்ற டிசம்பர் 31-ல முடியுது. பைனான்ஸ் ஹெட்டுக்கு ஒரு பக்கத்துல சுருக்கி அனுப்பச் சொன்னாங்க. ஏஐ டூல்ல ஃபைல ஏத்திட்டு "இந்த டாக்குமெண்ட்ட சுருக்கிக் குடு"ன்னு போட்டேன். வந்தது படிக்க நல்லாத்தான் இருக்கு, இது தப்புன்னு ஒரு வரியக்கூட காட்ட முடியாது. ஆனா அவர் படிச்சிட்டு மூணே கேள்வி கேட்டார். வேணாம்னா எந்த தேதிக்குள்ள சொல்லணும், அடுத்த வருஷம் ரேட்டு எவ்ளோ ஏத்தலாம், வெளிய வந்தா நம்ம டேட்டா எப்படித் திரும்ப வரும். மூணுக்கும் அந்தப் பக்கத்துல பதில் இல்ல.

வந்ததுல ஒரு பகுதி இது: "இந்த ஒப்பந்தம் இரு தரப்பினரின் பொறுப்புகள், ரகசியத்தன்மை, சேவைத் தரம், கட்டணம், ஒப்பந்த முடிவு ஆகியவற்றை விரிவாக வரையறுக்கிறது. உரிய முன்னறிவிப்புடன் எந்தத் தரப்பும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்."

உரிய முன்னறிவிப்புன்னா எத்தன நாள்? அது தானே வேணும்! டூல் சரியில்லையா, இல்ல கேக்கற விதத்துல என்ன சேக்கணும்?

நேர்கோடு:
ப்ரோ சிம்பிள், அளவு சொல்லாம கேட்டா இப்படித்தான் வரும். "200 வார்த்தைக்குள்ள, 5 பாயிண்ட்டா குடு"ன்னு போடுங்க. அப்புறம் ஆரம்பத்துலயே "நீ 20 வருஷம் அனுபவம் உள்ள கான்ட்ராக்ட் வக்கீல்"னு ஒரு வரி போட்டுடுங்க, ரிசல்ட்டே வேற லெவல்ல இருக்கும். நான் எல்லாத்துக்கும் இதத்தான் பண்றேன்.

கம்பிவலை:
46 பக்கம்னா ஃபைல் சைஸ் பிரச்சனையா இருக்குமோ? பாதிலயே கட் ஆகியிருக்கும். இல்லைன்னா ஸ்கேன் பண்ண பிடிஎஃப்பா பாருங்க. மவுஸ வெச்சு எழுத்த செலக்ட் பண்ணி காப்பி பண்ண முடியுதான்னு ஒவ்வொரு பகுதியாப் பாருங்க, முடியலைன்னா அது வெறும் படம்தான். எங்க இடத்துல முக்காவாசி புகார் இப்படித்தான் முடியும்.

வெள்ளாம்பல்:
@நேர்கோடு இப்பவே ட்ரை பண்ணேன் ப்ரோ. 5 பாயிண்ட் வந்துச்சு. "சேவைத் தரம்: 99.5% அப்டைம் உறுதி", "கட்டணம்: ஆண்டுதோறும் மறுபரிசீலனை", "ரகசியத்தன்மை: இரு தரப்புக்கும் கட்டாயம்"னு அழகா இருக்கு. வக்கீல் வரி போட்டதுல நடை மாறுச்சு, "தரப்பினர்", "மேற்படி"ன்னு நிறைய வருது. ஆனா அந்த மூணு கேள்விக்கு இப்பவும் பதில் இல்ல.

@கம்பிவலை மெயின் பகுதி செலக்ட் ஆகுது. ஆனா நீங்க சொன்னப்புறம் கடைசி வரைக்கும் போய்ப் பாத்தேன். கட்டண அட்டவணை இருக்கற அனெக்சர் சி மட்டும் படமா ஒட்டியிருக்காங்க, அதுல ஒரு எழுத்துகூட செலக்ட் ஆகல!

பழையபேனா:
கான்ட்ராக்ட் படிச்சு மத்தவங்களுக்கு குறிப்பு எழுதுறதுதான் எனக்கு வேலை, ஏஐ வர்றதுக்கு முன்னாடி இருந்தே. அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மொதல்ல கம்பிவலை சொன்னத சரி பண்ணுங்க. அனெக்சர் சி-ய எழுத்தா மாத்தி ஏத்துங்க. சில டூல் படத்தயும் படிக்கும், சிலது அப்படியே தாண்டிப் போயிடும், தாண்டுனதச் சொல்லவும் சொல்லாது. "கட்டணம் ஆண்டுதோறும் மறுபரிசீலனை"ன்னு நம்பர் இல்லாம வந்ததுக்கு அது காரணமா இருக்கலாம். ஆனா நோட்டீஸ் நாள் மெயின் பகுதியிலதான இருக்கும், அது ஏன் வரல? அங்கதான் நீங்க கேட்ட விதம் வருது.

சுருக்குறதுன்னா எதையோ விடணும். 46 பக்கம் ஒரு பக்கமாகும்போது 45 பக்கத்துக்கு விஷயம் வெளிய போவுது. எத விடலாம்னு முடிவு பண்ண ஒரு அளவுகோல் வேணும். நீங்க அதச் சொல்லலைன்னா டாக்குமெண்ட்டே சொல்லிடும், அதாவது எது நீளமா இருக்கு, எதுக்குத் தலைப்பு இருக்கு, எது திரும்பத் திரும்ப வருது, எது முன்னாடி வருதுன்னு பாத்து எடுத்துக்கும். 1958-லயே ஐபிஎம்-ல லூன்னு ஒருத்தர் மெஷின வெச்சு கட்டுரைக்குச் சுருக்கம் எடுத்தார். அடிக்கடி வர்ற முக்கியமான சொற்கள் எந்த வாக்கியத்துல நெருக்கமா வருதோ அத அப்படியே தூக்கி வெக்கிறதுதான் அவரோட வழி. இன்னைக்கு டூல் வேலை செய்யற விதமே வேற, ஆனா எதுக்குன்னு சொல்லாம விட்டா ரிசல்ட் அதே பக்கம் சாயுறத நான் நிறையப் பாத்திருக்கேன்.

இப்ப உங்க கான்ட்ராக்ட்ட எடுங்க. ரகசியத்தன்மை எத்தன பக்கம்? நோட்டீஸ் எத்தன வரி? எண்ணிப் பாத்துச் சொல்லுங்க.

வெள்ளாம்பல்:
ரகசியத்தன்மை 6 பக்கம் சார். நோட்டீஸ் 14.2-ல ஒரே வாக்கியம்: "காலம் முடிய 90 நாட்களுக்கு முன் எழுத்துமூலம் தெரிவிக்கப்படாவிட்டால் ஒப்பந்தம் தானாக மேலும் 12 மாதங்களுக்கு நீட்டிக்கப்படும்." அதுவும் "பொது விதிகள்"னு ஒரு தலைப்புக்குள்ள நடுவுல இருக்கு.

பழையபேனா:
பாத்தீங்களா. 6 பக்கம் எழுதியிருக்கறது எல்லாக் கான்ட்ராக்ட்லயும் இருக்கற மாமூல் சமாச்சாரம், பைனான்ஸ் ஹெட் அத வெச்சு ஒண்ணும் பண்ணப் போறதில்ல. அந்த ஒத்த வாக்கியம் இன்னொரு வருஷக் கட்டணத்தயே தலையில கட்டிடும். கான்ட்ராக்ட்ல நீளத்துக்கும் முக்கியத்துக்கும் சம்பந்தமே கிடையாது, பல சமயம் நேர் எதிரா இருக்கும்.

டிசம்பர் 31-லேர்ந்து 90 நாள் பின்னாடி எண்ணுனா அக்டோபர் 2 வருது. அதுக்குள்ள கடிதம் அனுப்புனாப் போதுமா, அவங்க கைக்குப் போய்ச் சேந்திருக்கணுமான்னு நோட்டீஸ் பத்தின க்ளாஸ்ல தனியா இருக்கும், அதயும் பாருங்க. போய்ச் சேரணும்னு இருந்தா செப்டம்பர் மூணாவது வாரத்துலயே அனுப்பிடறது நல்லது.

நேர்கோடு சொன்னது பாதி சரி. அளவு சொல்றது தேவைதான், படிக்கிறவர்கிட்ட எவ்ளோ நேரம் இருக்குன்னு அது சொல்லும். ஆனா 5 பாயிண்ட்ல எந்த அஞ்சுன்னு அது சொல்லல. "நீ வக்கீல்"னு போடறதும் அப்படித்தான், எழுதுறவர் யாருன்னு சொல்றீங்க, நடை மாறும். படிக்கிறவர் யாரு, படிச்சிட்டு என்ன செய்யப் போறார்ங்கறத சொன்னாத்தான் உள்ள இருக்கற விஷயம் மாறும்.

நேர்கோடு:
ஆனா சார் எனக்கு வொர்க் ஆகுதே? நியூஸ் கட்டுரை எல்லாம் 5 பாயிண்ட்ல பக்காவா வருது.

பழையபேனா:
நியூஸ்ல வரும் தம்பி, ஏன்னா நியூஸ் எழுதுறவரே முக்கியமானத மேல வெச்சுதான் எழுதுறார். மொத மூணு வாக்கியத்த எடுத்தாலே ஓரளவு நல்ல சுருக்கம் ஆயிடும், சுருக்கும் மென்பொருள சோதிக்கிறவங்க அந்த மொத மூணு வாக்கியத்தயே ஒரு அளவுகோலா வெச்சுப்பாங்க. கான்ட்ராக்ட், ஆய்வறிக்கை, கணக்குத் தணிக்கை ரிப்போர்ட் எல்லாம் அப்படி எழுதப்படல. கான்ட்ராக்ட்ல மொத நாலு பக்கம் வெறும் சொல் விளக்கம்.

மழைத்துளி:
நான் ஆராய்ச்சி மாணவி. எனக்கு வேற மாதிரி ஆச்சு, இங்க பொருந்துமான்னு தெரியல. மருந்து ஆய்வுக் கட்டுரை ஒண்ண வேற துறை ஆளுங்களுக்கு செமினார்ல சொல்லணும்னு "சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி சுருக்கு"ன்னு போட்டேன், அதாவது படிக்கிறவங்க யாருன்னு சொல்லிட்டேன்ல? அப்பவும் நல்லா வரல. எண் எல்லாம் காணோம், "நல்ல முன்னேற்றம் தெரிந்தது"ன்னு மட்டும் இருக்கு. எத்தன பேருக்கு, எதோட ஒப்பிட்டு, எவ்ளோன்னு ஒண்ணும் இல்ல. கேக்க வந்தவங்கள்ல பாதிப் பேர் புள்ளியியல் துறை, அவங்களுக்கு அதுதான் மொத வேணும்.

பழையபேனா:
நல்லாவே பொருந்தும்மா, இந்த இழையில யாரும் சொல்லாத விஷயம் இது. "சாதாரண ஆள்", "டெக்னிக்கல் இல்லாதவர்", "மேனேஜர்" எல்லாம் வெறும் லேபிள். லேபிள மட்டும் குடுத்தா கடினமா தெரியறதெல்லாம் போயிடும், அதுல எண்ணும் போயிடும். உங்க ஆளுங்களுக்கு மருந்தோட வேதியியல் தெரியாது, ஆனா எண்ணுல புலி. வெள்ளாம்பலோட பைனான்ஸ் ஹெட்டும் அதே ஜாதகம்தான், அப்டைம்னா என்னன்னு சொல்லணும், சதவீதம்னா என்னன்னு சொல்ல வேணாம்.

அதனால லேபிளுக்குப் பதிலா அவருக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு ரெண்டு வரி எழுதுங்க. தெரிஞ்சத டூல் விட்டுடலாம், தெரியாதத விளக்கணும், ரெண்டுமே சொன்னாத்தான் இடம் மிச்சமாகும்.

வெள்ளாம்பல்:
சரி, இத எல்லாம் வெச்சு இப்படி எழுதியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க:

"இத படிக்கப் போறவர் பைனான்ஸ் ஹெட். கான்ட்ராக்ட்ட அவர் திறக்க மாட்டார், இந்த ஒரு பக்கத்த மட்டும்தான் பாப்பார். அவர் எடுக்க வேண்டிய முடிவு: டிசம்பர் 31-ல முடியறத அப்படியே நீட்டிக்கிறதா, பேரம் பேசி மாத்துறதா, வெளிய வர்றதா. அவருக்குக் கணக்கு நல்லாத் தெரியும், சாஃப்ட்வேர் சொற்கள் தெரியாது. இந்த முடிவ மாத்தக்கூடிய க்ளாஸ மட்டும் எடு: கடைசித் தேதி, கட்டண உயர்வு, சேவை கெட்டா நமக்குக் கிடைக்கிறது, வெளிய வந்தா ஆகற செலவும் டேட்டாவும். ரகசியத்தன்மை மாதிரி பொதுவானத விட்டுடு."

பழையபேனா:
ரொம்ப நல்லா இருக்கு. இன்னும் ரெண்டு சேருங்க.

ஒண்ணு, "ஒவ்வொரு வரிக்கும் க்ளாஸ் எண் போடு, எண், நாள், சதவீதம் எல்லாம் இருக்கறபடியே எழுது, ஏதாவது பத்தி கான்ட்ராக்ட்ல இல்லைன்னா இல்லைன்னு எழுது." இந்தக் கடைசித் துண்டு அவசியம். நீங்க நாலு விஷயம் கேட்டு அதுல ஒண்ணு கான்ட்ராக்ட்ல இல்லவே இல்லைன்னா, பொதுவா இந்த மாதிரி கான்ட்ராக்ட்ல எப்படி இருக்குமோ அத எடுத்துப் போட்டுடற ஆபத்து இருக்கு. இல்லைங்கறதே அவருக்கு ஒரு தகவல், பேரம் பேசறப்ப அதயும் சேக்கச் சொல்லிக் கேப்பார்.

ரெண்டு, "விதிவிலக்கயும் நிபந்தனையயும் சுருக்காத." ஏன்னு சொல்றேன், உங்க அஞ்சு பாயிண்ட்ல "99.5% அப்டைம் உறுதி"ன்னு வந்துச்சுல்ல, அந்த க்ளாஸ முழுசா இங்க போடுங்க.

வெள்ளாம்பல்:
"திட்டமிட்ட பராமரிப்பு நேரம் நீங்கலாக, மாதாந்திர அப்டைம் 99.5% ஆக இருக்கும். திட்டமிட்ட பராமரிப்பு மாதத்துக்கு 8 மணி நேரத்தை மிகாது. குறைபாடு பதிவானதும் 4 மணி நேரத்துக்குள் பதிலளிக்க நியாயமான முயற்சி எடுக்கப்படும்."

பழையபேனா:
கணக்குப் போடுவோம். 30 நாள் மாசத்துல 720 மணி நேரம். அதுல அரை சதவீதம்னா 3.6 மணி நேரம் நின்னா தப்பில்ல. "99.5% உறுதி"ன்னு மட்டும் படிக்கிறவர் அதோட நிறுத்திக்குவார். ஆனா "நீங்கலாக"ன்னு ஒரு சொல் இருக்கே, அதுல இன்னொரு 8 மணி நேரம் ஒளிஞ்சிருக்கு. மொத்தம் கிட்டத்தட்ட பதினொன்றரை மணி நேரம் நின்னாலும் அவங்க சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாங்கன்னுதான் கணக்கு.

அடுத்தது 4 மணி நேரம். மொத சம்மரியில அது எப்படி வந்திருக்கு?

வெள்ளாம்பல்:
தேடிப் பாத்தேன். "குறைபாடுகள் 4 மணி நேரத்தில் சரிசெய்யப்படும்"னு இருக்கு. தப்புன்னு ஒரு வரியக்கூட காட்ட முடியாதுன்னு மேல எழுதியிருந்தேன், இந்த வரி தப்புதான்.

பழையபேனா:
நான் பயந்தது இதத்தான். கான்ட்ராக்ட்ல இருக்கறது "பதிலளிக்க", சம்மரியில வந்தது "சரிசெய்ய". அங்க "முயற்சி", இங்க "படும்". சுருக்கும்போது மொதல்ல பலியாகறது இந்த மாதிரி சின்னச் சொல்லுங்கதான், கான்ட்ராக்ட்ல பணமே அந்தச் சொல்லுங்க மேலதான் நிக்குது. நோக்கத்த சொல்லிட்டா இது தானா சரியாயிடும்னு நம்பாதீங்க, தனியா சொல்லணும், சொன்னாலும் க்ளாஸ் எண்ண வெச்சு ஒவ்வொரு வரியயும் ஒப்பிட்டுப் பாக்கணும். ஒரு பக்கத்துல பத்து வரிதான், அரை மணி நேரம்கூட ஆகாது.

எதிர்க்காற்று:
எல்லாரும் ஒரே பக்கமா போறீங்க, எனக்கு இதுல ஒரு பெரிய சந்தேகம் இருக்கு. "இந்த முடிவுக்கு வேண்டியத மட்டும் எடு"ன்னு கட்டிப் போட்டுட்டா, நமக்குத் தெரியாத ஆபத்து எப்படி வெளிய வரும்? வெள்ளாம்பல் கேட்ட நாலு விஷயமும் பைனான்ஸ் ஹெட் ஏற்கனவே கேட்ட கேள்வியிலேர்ந்து வந்தது. கேக்கத் தெரியாத கேள்விக்கு என்ன பண்றது? நான் ஒரு வாடகை ஒப்பந்தத்துல இப்படி மாட்டினேன், காலி பண்ணும்போது உள்ள இருக்கற அமைப்பெல்லாம் பழைய நிலைக்கு மாத்திக் குடுக்கணும்னு ஒரு வரி இருந்துச்சு. நான் கேட்டது வாடகையும் முன்பணமும் மட்டும்தான், சுருக்கமும் அது ரெண்ட மட்டும்தான் சொல்லிச்சு. பொதுவா சுருக்குன்னு கேட்டிருந்தா ஒரு வேள அந்த வரி வந்திருக்கும்.

நேர்கோடு:
இது கரெக்ட். அதனாலதான் நான் பொதுவா கேக்கறேன்.

பழையபேனா:
எதிர்க்காற்று, உங்க சந்தேகம் நியாயமானது, அதுக்கு முழுத் தீர்வு என்கிட்ட இல்ல. ஆனா பொதுவா கேட்டா அந்த வரி வந்திருக்கும்னு நான் நம்பல, வெள்ளாம்பலுக்கு 14.2 வரலையே. நான் பண்றது இதுதான்: கேள்விப் பட்டியல மட்டும் குடுக்காம முடிவ மொதல்ல சொல்லுவேன், அப்புறம் "இந்தப் பட்டியல்ல இல்லாம, ஆனா இந்த முடிவெடுக்கறவருக்குப் பணச் செலவயோ கடமையயோ உண்டாக்குற வேற க்ளாஸ் இருந்தா தனியா கீழ சொல்லு"ன்னு ஒரு வரி சேப்பேன். உங்க வாடகை விஷயத்துல முடிவு "இங்க குடி போறதா வேணாமா"ன்னா, காலி பண்ணும்போது ஆகற செலவும் அதுக்குள்ள வந்துடுது. நோக்கம்னு நான் சொல்றது கேள்விப் பட்டியல இல்ல, முடிவதான்.

எதிர்க்காற்று:
முடிவு, கேள்வி, இந்தப் பிரிப்பு நல்லா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா "வேற ஏதாவது இருந்தா சொல்லு"ன்னா பயமுறுத்தற மாதிரி இருபது வரி வந்து நிக்குமே, அதுல எது நிஜம்னு யார் பாக்கறது? கையெழுத்துப் போடற கான்ட்ராக்ட்டுக்கு சம்மரியே கூடாது, ஒருத்தர் முழுசா படிச்சே ஆகணும்னுதான் நான் இப்பவும் சொல்வேன்.

பழையபேனா:
ஒருத்தர் முழுசா படிக்கணும்னா அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. அந்த ஒருத்தர் பைனான்ஸ் ஹெட்டா இருக்கணும்னு இல்ல. இருபது வரி வரும்னு சொன்னீங்களே, அதுக்கு "அதிகபட்சம் மூணு, பணத்தோட அளவு வாரியா"ன்னு கட்டுவேன். நாலாவது போயிடுமேன்னு கேட்டா ஆமா, போயிடும்.

மழைத்துளி:
சார் ஒண்ணு கேக்கலாமா? இதே கான்ட்ராக்ட்ட வேற ஆளுக்கு சுருக்கணும்னா என்ன மாறும்? ரெண்டு பேருக்கும் பொதுவா ஒண்ணு எழுதிடக் கூடாதா?

வெள்ளாம்பல்:
இத நான் சொல்றேன், ஏன்னா இப்பதான் ரெண்டயும் ஓட்டிப் பாத்தேன். அனெக்சர் சி-ய எழுத்தா மாத்திட்டு, பழையபேனா சார் சொன்ன வரிங்களயும் சேத்துட்டேன்.

பைனான்ஸ் ஹெட்டுக்கு மொத வரியே இது: "அக்டோபர் 2-க்குள் எழுத்துமூலம் மறுக்காவிட்டால் இன்னொரு 12 மாதக் கட்டணம் உறுதியாகிவிடும் (14.2)." அடுத்தது "நீட்டிப்பு ஆண்டில் கட்டணம் 8% வரை உயரலாம், நம் சம்மதம் தேவையில்லை (அனெக்சர் சி, 3)." அப்டைம் பத்தி ஒரே வரி, சேவை கெட்டா மாசக் கட்டணத்துல 10%-க்கு மேல திரும்ப வராதுன்னு.

எங்க சப்போர்ட் டீமுக்கு: அவங்க எடுக்கற முடிவு ஒண்ணும் இல்ல, தினமும் என்ன செய்யணும்கறதுதான்னு சொன்னேன். அதுல 14.2 வரவே இல்ல, 8% வரல. மொத வரி "சேவை நின்றால் 30 நாட்களுக்குள் கோரிக்கை பதிவு செய்யாவிட்டால் கழிவு கிடைக்காது (9.4)." அப்புறம் கோரிக்கைய எந்த வடிவத்துல பதியணும், எது திட்டமிட்ட பராமரிப்புக்குள்ள வரும். இந்த 30 நாள் விஷயம் எங்க டீம்ல ஒருத்தருக்கும் தெரியாது, மூணு வருஷமா ஒரு தடவகூட கேக்கல.

ரெண்டயும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒரே கான்ட்ராக்ட்டுன்னே சொல்ல முடியல. பொதுவா ஒண்ணு எழுதியிருந்தா ரெண்டு பேருமே பாதிப் பக்கத்த தாண்டித் தாண்டித்தான் படிச்சிருப்பாங்க.

டேட்டா பத்தி "ஒப்பந்தம் முடிந்து 30 நாளில் திரும்பத் தரப்படும், எந்த வடிவத்தில் என்று ஒப்பந்தத்தில் இல்லை"ன்னு வந்துச்சு. போய்ப் பாத்தேன், நிஜமாவே இல்ல.

கம்பிவலை:
அத இப்பவே எழுதி வாங்கிடுங்க. படமா ஒட்டுன அட்டவணை மாதிரி டேட்டாவயும் பிடிஎஃப்பா குடுத்துட்டா உள்ள ஏத்தவே முடியாது.

நேர்கோடு:
ஒரு டவுட். ஒவ்வொரு ஃபைலுக்கும் இவ்ளோ எழுதணுமா? எனக்கு ஒரு நாளைக்கு பத்து பதினஞ்சு டாக்குமெண்ட் வருது, அதுல முக்காவாசி "இது என்னது, நான் படிக்கணுமா"ன்னு பாக்கத்தான்.

பழையபேனா:
அதுதான் தம்பி உங்க நோக்கம், அதயே எழுதுங்க: "இத நான் முழுசா படிக்கணுமா, இல்ல வேற யாருக்காவது அனுப்பணுமான்னு முடிவு பண்ணணும், இதுல என்கிட்ட என்ன கேக்கறாங்க, எப்பக்குள்ள கேக்கறாங்க, மூணு வரியில சொல்லு." ஒரு தடவ எழுதி வெச்சுக்கிட்டு ஒட்டிக்கிட்டே போலாம். அதுக்குமேல எழுத வேண்டியதில்ல. ஆனா அந்த மூணு வரிய இன்னொருத்தருக்கு சம்மரின்னு அனுப்பிடாதீங்க, அது உங்க முடிவுக்காக எடுத்தது.

எதிர்க்காற்று:
வெள்ளாம்பல், 14.2-ல இருக்கற 90 நாள் சரி, அனெக்சர்ல வேற நாள் இருக்கான்னு பாத்தீங்களா? முரண் வந்தா எது செல்லும்னு ஒரு க்ளாஸ் இருக்கும், சிலதுல அனெக்சர்தான் செல்லும்னு போட்டிருப்பாங்க. அது படமா இருந்த பகுதிங்கறதால கேக்கறேன்.

வெள்ளாம்பல்:
1.6-ல அனெக்சர்தான் செல்லும்னு இருக்கு. சி-ல நோட்டீஸ் பத்தி ஒண்ணும் இல்ல, ஏ-யும் பி-யும் இன்னும் பாக்கல. இன்னைக்கு உக்காந்து படிச்சிட்டு வந்து சொல்றேன்.